புதுப்பிப்பு: அண்ணனின் பழைய எச்சரிக்கைக் கடிதம்

முன்பு கேட்டது: "2019-ல் தாமதத்துக்குக் கொடுத்த எச்சரிக்கையைக் காட்டி இப்போது வேலையைவிட்டு நீக்கலாமா?"

தொழிற்சங்க வக்கீலைப் பார்த்தோம். ஒரு வருடத்தில் காலாவதியாகும் என்று இங்கே ஒருவர் சொன்னது பிரிட்டன் வழக்கம். நம் சட்டத்தில் பொதுவான கெடு இல்லை. தண்டனை முடிவுசெய்யும்போது முந்தைய பதிவையும் பார்க்கவேண்டும் என்றே ஆலையின் நிலையாணை சொல்கிறது.

ஆனால் இப்போதைய குற்றச்சாட்டு முதலில் விசாரணையில் நிரூபணமாக வேண்டும். பழையதையும் சேர்த்து எடைபோடுவதானால், அதை நோட்டீஸில் சொல்லி விளக்கம் கேட்கவேண்டும். அரசு ஊழியர் மஞ்சே கவுடா வழக்கில் 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அண்ணனுக்கு வந்த நோட்டீஸில் 2019 பற்றி ஒரு வரிகூட இல்லை. நீக்க உத்தரவில்தான் திடீரென்று முளைத்திருக்கிறது. அநியாயம்!

புதிய குற்றமே பெரிதென்றால் இந்த வாதம் நிற்காது என்கிறார் வக்கீல். மூன்று நாள் சொல்லாமல் விடுப்பு எடுத்தது பெரிதா? சமரச அதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறோம்.