“நாளைக்கு 5 மணிக்கு” என்று பயனர் சொன்னால், எந்த ஊர் 5 மணி? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முத்துநகர்:
எங்கள் தன்னார்வக் குழுவில் ஒரு டெலிகிராம் பாட் ஓடுகிறது. “நாளை மாலை 5 மணிக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்” என்று எழுதிவிட்டால் அந்த நேரத்தில் நினைவூட்டும். முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் இப்போது என் கையில் இருக்கிறது. சர்வர் UTC-யில் ஓடுகிறது. பயனர்களில் பெரும்பாலானவர்கள் சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறார்கள். மாலை 5 மணி நினைவூட்டல் இரவு 10:30-க்கு வருகிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. கோடைத் திறந்து பார்த்தால், “5 மணி” என்பதை சர்வரின் 5 மணியாகவே எடுத்திருக்கிறது. அது எளிதில் புரிந்துவிட்டது.

என்னைக் குழப்பியது வேறொரு புகார். ஒருவர் மார்ச் 14, சனிக்கிழமை, நள்ளிரவு தாண்டி 12:40-க்கு “நாளை மாலை 5” என்று எழுதியிருக்கிறார். அந்த நேரம் சர்வருக்கு இன்னும் வெள்ளிக்கிழமை, இரவு 7:10. ஆகவே சர்வரின் “நாளை” சனிக்கிழமை. சனிக்கிழமை 17:00 UTC, அதாவது நம் நேரப்படி சனி இரவு 10:30-க்கு மணி அடித்திருக்கிறது. மணி மட்டும் இல்லை, நாளே சர்வரின் கணக்கில்தான் போகிறது. இதைப் போல யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மலைக்கோட்டை:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை நண்பரே? சர்வரின் டைம்ஸோனை Asia/Kolkata என்று மாற்றிவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பயனர் எல்லாரும் இந்தியாவில்தானே? நாளும் சரியாகிவிடும், மணியும் சரியாகிவிடும். `timedatectl set-timezone Asia/Kolkata`, அவ்வளவுதான்.

சாங்கி_ரயில்:
மலைக்கோட்டை சொல்வது பயனர் எல்லாரும் ஒரே ஊரில் இருக்கும்வரைக்கும் சரி. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இப்படி வைத்த ஒரு பாடில் மாலை 5-க்குக் கேட்டால் எனக்கு 7:30-க்கு வரும். இங்கே நாங்கள் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நானே கழித்துக்கொண்டு “மதியம் 2:30” என்று எழுதப் பழகிவிட்டேன். அப்புறம் அவர்கள் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், டைம்ஸோன் UTC-க்குத் திரும்பிவிட்டது. ஒரே இரவில் எல்லாருக்கும் கணக்கு மாறிப்போனது. கோடில் எழுதாமல் மெஷினின் அமைப்பை நம்பினால் இதுதான் நடக்கும்.

பனைமரம்:
எனக்கும் இதே தொல்லை இருந்தது. விபிஎஸ் கடிகாரம் மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. chrony போட்டதும் சரியாகிவிட்டது. முதலில் அதைப் பாருங்கள்.

கொங்கு_அக்கா:
பனைமரம், உங்கள் பிரச்சினை உண்மைதான், ஆனால் இது அது இல்லை. கடிகாரம் ஓடிப்போனால் சில நொடியோ சில நிமிடமோ தப்பும், நாளாக ஆக அது கூடும். இங்கே தப்பியது சரியாக ஐந்தரை மணி நேரம்.

காலண்டர் மென்பொருளில் நீண்ட காலம் வேலை பார்த்ததால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. புகார் வந்தால் முதலில் எவ்வளவு தப்பியது என்று கேட்பேன். முழு ஐந்தரை மணி நேரம் தாமதம் என்றால் பயனரின் டைம்ஸோனைப் பார்க்கவே இல்லை. 11 மணி நேரம் என்றால் பார்த்திருக்கிறார்கள், ஆனால் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறார்கள். சரியாக 24 மணி நேரம் என்றால் மணி சரி, “நாளை” எந்த நாளிலிருந்து எண்ணப்பட்டது என்பதில் தவறு. ஒரு மணி நேரம் மட்டும் என்றால் பயனர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறாரா என்று பாருங்கள், அங்கே கோடைகால நேர மாற்றம் உண்டு.

முத்துநகர், அந்த இரவுப் பயனர் ஞாயிறு மாலையைச் சொல்லியிருந்தால் நினைவூட்டல் 18:30 மணி நேரம் முன்னதாகவே வந்திருக்கும். 24-இல் ஐந்தரை போனால் பதினெட்டரை. இரண்டு தவறும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்த எண்தான் வரும். அவர் சொன்னது எந்த நாள்?

முத்துநகர்:
அக்கா, அங்கேதான் சிக்கல். அவர் சொன்னது சனிக்கிழமை மாலையை. இன்னும் தூங்கப் போகவில்லை, அவருக்கு அது வெள்ளி இரவுதான். ஆகவே அவர் பார்வையில் வெறும் ஐந்தரை மணி நேரத் தாமதம். நான் டைம்ஸோனை முறையாகச் சரிசெய்தால் பாட் ஞாயிற்றுக்கிழமைதான் நினைவூட்டும். கணக்கு சரி, அவருக்கு மட்டும் தவறு.

எட்டயபுரம்:
11 மணி நேரக் கதை எனக்குத் தெரியும். ஒரு வலைப்பக்கத்தில் நேரம் வாங்கி சர்வருக்கு அனுப்பும் வேலை. உலாவியில் `getTimezoneOffset()` இந்தியாவுக்கு -330 என்று தரும். நம் நேரம் UTC-க்கு முன்னால் இருக்கும்போது குறி கழித்தல்! அதை வாங்கிய சர்வர்ப் பக்கத்து நண்பர், கழித்தல் என்றால் UTC-க்குப் பின்னால் இருக்கும் ஊர் என்று எடுத்துக்கொண்டார். மாலை 5 மணி என்பது 22:30 UTC ஆனது, அதாவது மறுநாள் விடியற்காலை 4 மணி. நாலு மணிக்குப் போன் அடித்தது என்று வாடிக்கையாளர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதன்பிறகு நிமிட எண்ணை அனுப்புவதையே விட்டுவிட்டோம். `Intl.DateTimeFormat().resolvedOptions().timeZone` ஊர்ப் பெயரையே தருகிறது. சில உலாவிகளில் Asia/Calcutta என்று வரும், பயப்பட வேண்டாம், அது Asia/Kolkata-வின் பழைய பெயர்.

சாங்கி_ரயில்:
ஆனால் டெலிகிராம் பாடுக்கு உலாவி கிடையாதே. செய்தியோடு டைம்ஸோன் வராது. பயனரின் `language_code` வரும், அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாமா?

கொங்கு_அக்கா:
கூடாது. “ta” என்று இருப்பவர் கொழும்பிலும் இருக்கலாம், கோலாலம்பூரிலும் இருக்கலாம், லண்டனிலும் இருக்கலாம். சென்னையில் இருப்பவர் பலர் ஆங்கிலத்தில் வைத்திருப்பார்கள். முதல் தடவை பேசும்போதே ஊரைக் கேட்டுவிடுங்கள். நாலைந்து ஊருக்குப் பட்டன், மற்றவருக்கு எழுதும் இடம்.

இன்னொன்று. “நாளை” என்பதை சர்வர் அந்தச் செய்தியை எடுத்துப் படிக்கும் நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். பயனர் அனுப்பிய நேரம் செய்தியிலேயே `date` என்று வருகிறது. பாட் கொஞ்ச நேரம் படுத்துவிட்டால் டெலிகிராம் செய்திகளை 24 மணி நேரம் வரை வைத்திருந்து பிறகு கொடுக்கும். இரவு 11:50-க்கு எழுதியதை 12:20-க்கு எடுத்தால் டைம்ஸோன் சரியாக இருந்தும் ஒரு நாள் தள்ளிப்போகும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

```python
zone = ZoneInfo("Asia/Kolkata")   # பயனர் தேர்ந்தது
sent = datetime.fromtimestamp(msg_date, tz=zone)
day  = sent.date() + timedelta(days=1)
due  = datetime.combine(day, time(17, 0), tzinfo=zone)
```

முதலில் பயனரின் ஊர்த் தேதி, அதில் ஒரு நாள் கூட்டல், அதன் மேல் 5 மணி. UTC-க்கு மாற்றுவது கடைசியில்தான். 24 மணி நேரம் கூட்டும் வேலையே இதில் இல்லை, கவனியுங்கள்.

மலைக்கோட்டை:
24 மணி நேரம் கூட்டினால் என்ன அக்கா? ஒரு நாளுக்கு 24 மணிதானே.

கொங்கு_அக்கா:
இந்தியாவில் ஆமாம். அதனால்தான் நம் டெஸ்டுகளில் இது அகப்படுவதே இல்லை. நியூயார்க்கில் ஒருவர் 2026 மார்ச் 7, சனிக்கிழமை மாலை “நாளை மாலை 5” என்கிறார். அன்றைக்கு அந்த ஊர் UTC-க்கு 5 மணி நேரம் பின்னால். மறுநாள் விடியற்காலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், அப்புறம் 4 மணி நேரம்தான் பின்னால். சனிக்கிழமை வித்தியாசத்தையே பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால் 22:00 UTC வரும். ஞாயிறு அது அவருக்கு மாலை 6. சரியான விடை 21:00 UTC. ஆகவே “-5” என்று சேமிக்காமல் America/New_York என்று சேமிக்க வேண்டும்.

அமெரிக்கப் பயனருக்கு நாள் தப்புவதும் நம்மைவிட மோசம். நமக்கு நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் நடுவில்தான் சர்வர் தேதி பின்தங்கும், அந்த நேரத்தில் எழுதுபவர் குறைவு. நியூயார்க்கில் குளிர்காலத்தில் இரவு 7 மணி ஆனாலே UTC அடுத்த தேதிக்குப் போய்விடும். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து நாளைய வேலையை எழுதும் நேரம் அதுதான்.

நல்லூர்:
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். ஊர்ப் பெயரைச் சேமிக்கச் சொன்னது முக்கியம். 2006 ஏப்ரலில் இலங்கை நேரத்தை +6-இலிருந்து +5:30-க்கு மாற்றினார்கள். அதற்கு முன்னரே ஏப்ரல் கடைசிக்குப் பதிந்து வைத்த கூட்டங்களை UTC-யாக மட்டும் வைத்திருந்தால், எல்லாம் சுவர்க்கடிகாரத்தில் அரை மணி முன்னுக்குப் போயிருக்கும். “எல்லாவற்றையும் UTC-யில் வையுங்கோ” என்ற அறிவுரை நடந்து முடிந்ததுக்குச் சரி. வரப்போறதுக்குப் பயனர் சொன்ன உள்ளூர் நேரத்தையும் ஊரையும் சேர்த்து வைக்கோணும்.

பாலைவனப்பூ:
நான் கேட்பது கொஞ்சம் வேறு. மதுரையில் இருந்தபோது தினமும் மாலை 5 மணிக்கு மாத்திரை என்று போட்டுவைத்தேன். வேலைக்காகத் துபாய் வந்ததும் அது மதியம் 3:30-க்கு அடிக்கிறது. மாத்திரை இங்கே 5 மணிக்குத்தான் வேண்டும். ஆனால் அம்மாவுக்குப் போன் பண்ண வைத்தது மதுரை 5 மணியிலேயே இருக்கட்டும். பாட் இதை எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

கொங்கு_அக்கா:
தானாகப் பிரிக்காது. சில காலண்டர்களில் ஊரே சேராமல் நேரத்தை மட்டும் வைக்க ஒரு வழி உண்டு. நீங்கள் எங்கே போனாலும் அந்த ஊர் 5 மணிக்கு அடிக்கும். மாத்திரைக்கு அது பொருந்தும். அம்மா போனுக்கு ஊரைக் கட்டி வைக்க வேண்டும். ஊரை மாற்றும்போது “பழைய நினைவூட்டல்களையும் மாற்றவா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முத்துநகர்:
எல்லாருக்கும் நன்றி. ஊரைக் கேட்பதும், செய்தியின் `date`-இலிருந்து எண்ணுவதும் இந்த வாரமே போட்டுவிடுகிறேன். இரவுப் பயனர்களுக்கு ஒரு யோசனை: நள்ளிரவு 12 முதல் 4 மணி வரை “நாளை” என்று வந்தால், “சனி மார்ச் 14 மாலை 5” / “ஞாயிறு மார்ச் 15 மாலை 5” என்று இரண்டு பட்டன். மற்ற நேரத்தில் பட்டன் வேண்டாம், பதிலில் கிழமையும் தேதியும் ஊரும் எழுதிவிட்டால் போதும்.

எட்டயபுரம்:
தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டுப் போனை வைப்பவர் பட்டனை அழுத்த மாட்டார். அழுத்தாவிட்டால் என்ன செய்வீர்கள்? நான் சனிக்கிழமை என்று வைப்பேன். முன்னதாக அடித்தால் தொல்லை மட்டும்தான், டாக்டர் நேரம் தவறினால் போனது போனதுதான்.

சாங்கி_ரயில்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் இரவு ஷிப்டு. காலை 1 மணி எனக்கு வேலை நேரம், “நாளை” என்றால் நாட்காட்டியில் அடுத்த தேதிதான். பட்டன் அழுத்தாதவருக்கு இரண்டு நாளும் அடிக்கட்டுமே?

முத்துநகர்:
இரண்டு நாளும் அடிப்பது பரவாயில்லை என்று தோன்றுகிறது. முதல் நாள் மணியோடு “இதுதானா, நாளைக்கா?” என்று கேட்டால் இரண்டாவதை அவரே நிறுத்திவிடலாம். குழுவில் இரவு ஷிப்டுக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம் கொடுத்துப் பார்க்கிறேன்.