இம்ப்ரெஷனில் இல்லாத ஒரு வரி: உதவி தேவை

வணக்கம். விலாவுக்குக் கீழே வலி என்று அப்பாவுக்கு வயிற்று சிடி எடுத்தோம். ரிப்போர்ட்டின் முடிவுச் சுருக்கமான இம்ப்ரெஷனில் ஒரே வரிதான்: இடது சிறுநீர்க்குழாயில் 5 மி.மீ. கல். எதற்காக ஸ்கேன் எடுத்தோமோ அதற்கான பதில் அது, சரி. ஆனால் உறுப்பு உறுப்பாக எழுதியிருக்கும் ஃபைண்டிங்ஸில், கடைசி வரியில், "வலது நுரையீரல் அடிப்பகுதியில் 4 மி.மீ. முடிச்சு" என்று இருக்கிறது. இம்ப்ரெஷனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்லைப் பார்த்த டாக்டரும் அந்த ஒரு வரியோடு ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்துவிட்டார்.

6 மி.மீ.க்குக் குறைந்த முடிச்சுக்குப் பெரும்பாலும் மறு ஸ்கேன் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் அப்பா முப்பது வருடம் பீடி பிடித்தவர். முக்கியமில்லை என்று விட்டதா, விட்டுப்போனதா? ரேடியாலஜிஸ்ட்டிடமே கேட்டுத் திருத்தக் குறிப்பு வாங்கலாமா? பழைய மார்பு சிடி ஒன்று இருக்கிறது, ஒப்பிடக் கொடுக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.