இரவு பத்தேகாலுக்கு வந்த நாசி கோரேங்

தோட்டத்துத் தங்கை:
நேற்று ஏழரை மணிக்கு நாசி கோரேங்கும் கோழிக் குழம்பும் சொல்லியிருந்தேன். மழையாலும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையாலும், சுங்கை சிப்புட்டிலிருந்து பொட்டலம் வந்து சேர இரவு 10.15 ஆகிவிட்டது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கடைக்காரரோ "நன்றாகக் கொதிக்க வைத்தால் ஒன்றும் ஆகாது" என்கிறார். அது சரியா?

இரும்புச்சட்டி:
கடைக்காரர் சொன்னது முற்றிலும் சரி. முப்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறேன். கொதிக்கும் சட்டியில் எந்தக் கிருமியும் பிழைத்து நான் பார்த்ததில்லை. நன்றாகக் கொதிக்க வையுங்கள் தங்கச்சி, அது போதும்.

மருத்துவமனைச் சமையலறை:
போதாது. கிருமி சாவது வேறு, அது விட்டுச்சென்ற நஞ்சு அழிவது வேறு. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள், அரிசி வேகும்போதும் சாகாமல் கிடக்கும். வெந்த சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நின்றுவிட்டால், அவை முளைத்துப் பெருகி வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சோற்றிலேயே சுரக்கலாம். அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது என்று சோதித்திருக்கிறார்கள். உங்கள் சட்டி 100 டிகிரியைத் தாண்டுமா, ஐயா?

பால்மரக்காட்டு மகன்:
என் அப்பா விடியற்காலையில் பழைய சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போவார். அதைப் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார். அவருக்கு ஒருநாளும் வயிறு கெட்டதில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு இவ்வளவு பயமா?

மருத்துவமனைச் சமையலறை:
உங்கள் அப்பா சாப்பிட்டது புளித்த நீரில் ஊறிய சோறு. அதில் ஏறியிருக்கும் அமிலம் இந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும். நாசி கோரேங்கில் அந்தப் புளிப்பு இல்லை. தங்கச்சி, அந்தச் சோற்றை எப்போது வடித்தார்கள் என்று கடையில் கேட்டுச் சொல்லுங்கள்.

இரும்புச்சட்டி:
கேள்வி பொட்டலம் தாமதமாக வந்ததைப் பற்றியது. அதற்குச் சோறு வடித்த நேரம் எதற்கு? கொதிக்க வைத்தால் போதும் என்பதை மறுக்க முடியாமல் பேச்சை மாற்றுகிறீர்கள். சென்ற மாதம் ரசத்தைப் பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள்.

தோட்டத்துத் தங்கை:
கேட்டுவிட்டேன். மதியம் 1 மணிக்கு வடித்து, ஆறட்டும் என்று அகலப் பாத்திரத்தில் வெளியிலேயே வைத்திருந்தார்களாம். 7.40க்கு வறுத்துக் கட்டினார்களாம்.

மருத்துவமனைச் சமையலறை:
இதற்காகத்தான் கேட்டேன். பொட்டலம் கடையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே அந்தச் சோறு ஆறரை மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்திருக்கிறது. இடையில் வறுத்த சூடு பெருகிய கிருமிகளைக் கொன்றிருக்கலாம். நஞ்சு அதற்குள் சுரந்திருந்தால் அதை ஒன்றும் செய்திருக்காது. எங்கள் சமையலறையில் 80 டிகிரியில் கட்டிய பொட்டலத்தின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் 60க்குக் கீழே வந்துவிடும். அதன்படி, பயணத்திலும் சுமார் இரண்டு மணி நேரம் அது அபாய வெப்பத்தில் இருந்திருக்கிறது. ரைடரின் பெட்டி சூட்டைக் காக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் அது 60க்கு மேல் நிறுத்தி வைப்பதில்லை, கிருமி வளர ஏற்ற வெதுவெதுப்பில்தான் நெடுநேரம் வைத்திருக்கிறது. முகர்ந்து பார்த்தும் தெரியாது, இந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது.

இரும்புச்சட்டி:
எனக்கு வெப்பமானி தேவையில்லை, என் கையே போதும். கோழிக் குழம்பைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை? அதைக் கொதிக்க வைத்தால் போதுமா, போதாதா?

மருத்துவமனைச் சமையலறை:
குழம்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. இறைச்சிக் குழம்பில் பெருகும் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிருமி, உயிருடன் வயிற்றுக்குள் போன பிறகுதான் நஞ்சை உண்டாக்கும். அதனால் நடுப்பகுதி வரை 75 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பெரிதும் பயன் உண்டு. ஆனால் கட்டியவரின் கையிலிருந்து ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சேர்ந்து, அங்கேயே நஞ்சைச் சுரந்திருந்தால், கொதித்தாலும் அது போகாது. வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் நான் அந்தக் குழம்பைக் கொடுக்க மாட்டேன்.

இரும்புச்சட்டி:
பாதி உண்மை என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நான் முதலிலிருந்து அதைத்தானே சொல்கிறேன்?

மருத்துவமனைச் சமையலறை:
நீங்கள் சோற்றையும் சேர்த்துச் சொன்னீர்கள். மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

பால்மரக்காட்டு மகன்:
பழைய சோறு வேறு என்பதை ஏற்க மாட்டேன். அப்பா சில நாள் வறுத்த சோறும் கொண்டுபோயிருக்கிறார்.

தோட்டத்துத் தங்கை:
சோற்றைக் கொட்டிவிட்டேன். குழம்பை நேற்றிரவே குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன், இன்னும் முடிவெடுக்கவில்லை. 14 ரிங்கிட் கொடுத்து வாங்கியது.

இரும்புச்சட்டி:
குழம்பைக் கொட்டாதீர்கள் தங்கச்சி. நன்றாகக் கொதிக்க வையுங்கள்.