புதுப்பிப்பு: வீல்சேர் டயர், காற்றா சாலிடா?

முன்பு கேட்டது: "அம்மாவின் வீல்சேரில் பின் டயர் அடிக்கடி பஞ்சர் ஆகிறது. சாலிட் டயர் மாற்றிவிடலாமா?"

இன்னும் மாற்றவில்லை. ட்யூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்கச் சொன்ன மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி. தரைப் பக்கம் இருந்தால் முள், கண்ணாடி. அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்று குறைந்து, படியில் இடித்து ட்யூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. எங்களுடையது ரிம் பக்கம். ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் முனை குத்தியிருக்கிறது. புது டேப், புது ட்யூப் போட்டு, டயர் ஓரத்தில் அச்சிட்ட அளவுக்குக் காற்றடித்தாயிற்று.

"சாலிட் போட்டால் பராமரிப்பே இல்லை" என்றவர் சொன்னது பாதி சரி. பஞ்சர் ஆகாது. ஆனால் ரப்பர் தேயும், அளவு சற்றுத் தளர்ந்தாலும் ரிம்மிலிருந்து பிதுங்கும், குண்டும் குழியுமான சாலையின் அதிர்ச்சி நேராக இடுப்புக்கு வரும்.

பிரேக் விஷயம் முக்கியம். அதன் கட்டை டயரையே அழுத்துவதால், காற்று இறங்கினால் பிடி தளரும். கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி நகரும். வாராவாரம் பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள். டயர் வகை மாற்றினாலும் கட்டையை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

காய்கறித் தள்ளுவண்டிக்கு சாலிட் போடலாமா என்று கேட்டவருக்கு: அதில் உட்காருபவர் இல்லை, சாலிட் பொருந்தும். தக்காளி அடிபடுமே என்று இன்னொருவர் சொல்வதும் நியாயம்தான்.

முன் சிறு சக்கரங்களுக்கு மட்டும் சாலிட் போடலாமா என்பதில் இன்னும் இரு கருத்து ஓடுகிறது.