வெள்ளைப் பூனையின் ஒரு கண் பச்சையாகவும் மற்றொன்று சிவப்பாகவும் ஒளிர்வது ஏன்?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வெள்ளைப் பூனைக்கு ஒரு கண் மஞ்சள், மற்றொன்று நீலம். இருட்டில் டார்ச்சை என் நெற்றியருகே பிடித்துப் பார்த்தால் மஞ்சள் கண் பச்சையாகப் பளிச்சிடுகிறது; நீலக் கண்ணோ தணல் போலச் சிவக்கிறது. டார்ச்சைக் கை நீட்டி விலக்கிப் பிடித்தால் இரண்டுமே மங்கிவிடுகின்றன, ஏனெனில் கண்ணுக்குள் சென்ற ஒளி ஏறக்குறைய வந்த வழியிலேயே திரும்புகிறது.

நான் புரிந்துகொண்டது இதுதான். விழித்திரைக்குப் பின்னால் டபீட்டம் லூசிடம் என்னும் அடுக்கு இருக்கிறது. அதன் செல்களுக்குள் நுண்ணிய குச்சிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால், விழித்திரையில் உறிஞ்சப்படாமல் கடந்துவிட்ட ஒளி அங்கே மோதித் திரும்பி, ஒளியுணர் செல்கள் வழியே இரண்டாம் முறை செல்கிறது. அப்போதும் பிடிபடாமல் வெளியேறும் மிச்சத்தையே நாம் பளபளப்பாகக் காண்கிறோம். (கண் தானாக ஒளியை உண்டாக்குவதில்லை, முழு இருட்டில் அது ஒளிர்வதும் இல்லை.) நீலக் கண்ணில் இந்த அடுக்கும் அதன் பின்னுள்ள கரும் நிறமியும் குறைந்திருந்தால், ஒளி இரத்தக் குழாய்களில் பட்டுச் சிவப்பாகத் திரும்பும் என்று படித்தேன்.

பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. கண்மணியில் வெண்படலமோ நடையில் தடுமாற்றமோ இல்லை. ஆயினும், அந்தக் கண்ணுக்கு மங்கிய ஒளியில் பார்வை குறைவாக இருக்குமா, அதை வீட்டிலேயே கண்டறிய வழியுண்டா, கண் மருத்துவக் கருவியால் பரிசோதித்தால் அடுக்கு அறவே இல்லையா அல்லது மெலிந்துள்ளதா என்பது தெரியுமா? கால்நடை மருத்துவம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.