கால் அசைஞ்சிட்டு, ஒண்ணுக்குத்தான் போகல

அம்பாசமுத்திரத்துக்காரர், வயசு 56:
போன மாசம் பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மூல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். முதுகுல ஊசி போட்டுத்தான். காலையில 9 மணிக்குப் போட்டாங்க. ரெண்டு காலும் கதகதன்னு சூடாகி, கொஞ்ச நேரத்துல மரத்துப் போச்சு. உள்ள பேசுற சத்தம் கேக்குது, வலி துளிகூட இல்ல. மத்தியானம் 1 மணிக்குக் கட்டைவிரல் அசைஞ்சிட்டு. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அதுக்குப் பொறவுதான் பாடு. அதுக்குள்ள ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறி மூணாவது ஓடிட்டு இருந்துச்சு. 4 மணிக்கு அடிவயிறு கனக்க ஆரம்பிச்சுது. ஒண்ணுக்கு வருதுங்கிற உணர்வு இல்ல, அதனால வாயுன்னு நெனச்சு யார்ட்டயும் சொல்லல. 6 மணிக்கு வயிறு கல்லு மாதிரி ஆயிட்டு. நின்னு பாத்தேன், ஒரு சொட்டு வரல. டியூப் போட்டதும் 800 மில்லி வந்துச்சு. மறுநாள்தான் டியூப எடுத்தாங்க.

எனக்கு ராத்திரி மூணு தடவ எந்திரிக்கிற பழக்கம் ரெண்டு வருஷமா உண்டு, நின்னு நின்னுதான் போகும். மயக்க டாக்டர் அதக் கேக்கல. மூலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் சொல்லல. இப்போ தம்பிக்கு அடுத்த மாசம் இதே ஆபரேஷன். முதுகு ஊசியா, முழு மயக்கமா?

தென்காசி வியாபாரி:
அண்ணாச்சி, முழு மயக்கம் கேளுங்க. நான் அப்படித்தான் பண்ணேன். முழிச்சப்போ தொண்டை மட்டும் கரகரன்னு இருந்துச்சு, சாயங்காலம் நல்லா ஒண்ணுக்குப் போனேன். முதுகு ஊசியில ஒரே வசதி, வெறும் வயித்தோட கெடக்க வேண்டாம்.

தியேட்டர் நர்ஸ், வண்ணார்பேட்டை:
கடைசியா சொன்னது ஆபத்துங்க. ஊசி சரியாப் பிடிக்கலன்னா அங்கேயே முழு மயக்கத்துக்கு மாத்துவாங்க. அதனால எந்த மயக்கமா இருந்தாலும் சாப்பாடு நிறுத்தி 6 மணி நேரமாவது ஆகியிருக்கணும், தண்ணி 2 மணி நேரத்துக்கு முன்ன வரைக்கும். உங்க டாக்டர் அதவிடக் கூடுதலாச் சொன்னா அதத்தான் கேக்கணும்.

அம்பை அண்ணாச்சிக்கு நடந்தத நான் அடிக்கடி பாத்திருக்கேன். முதுகு ஊசி மருந்து இறங்கும்போது காலுக்குத்தான் முதல்ல உயிர் வரும், மூத்திரப்பைக்குக் கடைசியாத்தான் வரும். நடுவுல இருக்கிற அந்த நேரத்துல பை நெறையுது, மூளைக்குச் சேதி போகல. அதுல மூணு பாட்டில் டிரிப்ஸ் வேற. ப்ராஸ்டேட் வீங்கியிருந்தா இன்னும் கஷ்டம். ஆனா முழு மயக்கம் வாங்கினா வராதுன்னு இல்ல. ஆசனவாய்ல வலி இருந்தாலே அந்தப் பக்கம் இறுகிப் போகும், ஒண்ணுக்கும் அடைக்கும். முழு மயக்கத்துல வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

தம்பிய மயக்க டாக்டர்ட்ட நேரா கேக்கச் சொல்லுங்க. உக்காத்தி வச்சே கொஞ்சமா மருந்து போட்டு உக்கார்ற இடம் மட்டும் மரக்கிற மாதிரி பண்ண முடியுமா? அதுல கால் அவ்வளவு மரக்காது, சீக்கிரமும் தெளியும். டிரிப்ஸ் எவ்வளவு ஏத்துவீங்க? எத்தன மணி வரைக்கும் ஒண்ணுக்குப் போகலன்னா பாக்க வருவீங்க? மரப்பு விடுறதுக்கு முன்னயே வலி மருந்து தருவீங்களா? கடைசிக் கேள்விய விட்டுராதீங்க. மரப்பு போன உடனே வர்ற வலிதான் எல்லாரையும் அழ வைக்குது. தியேட்டருக்குப் போறதுக்கு முன்ன ஒண்ணுக்கும் போயிரணும்.

வள்ளியூர் டீச்சர்:
எனக்கு சிசேரியன்ல முதுகு ஊசி போட்டாங்க. ரெண்டாம் நாள்ல இருந்து உக்காந்தா தலை பிளக்கும், படுத்தா சரியாயிரும். நாலு நாள் இருந்துச்சு. ஏழு வருஷமா முதுகு வலிக்கே, அதுவும் இந்த ஊசிதானா?

தியேட்டர் நர்ஸ்:
தலைவலி அந்த ஊசியாலதான் டீச்சர். துளை வழியா தண்டுவட நீர் கசிஞ்சா அப்படி வரும். பொண்ணுங்களுக்கும் வயசு கம்மியானவங்களுக்கும் கூடுதல். நல்லா மெல்லிசான ஊசியில குறையும், அதையும் முன்னாலயே கேக்கலாம். ஏழு வருஷ முதுகுவலிய ஊசி மேல போட முடியாது, எலும்பு டாக்டர்ட்ட காட்டுங்க.

அம்பாசமுத்திரத்துக்காரர்:
தங்கச்சி, இன்னொண்ணு. தம்பிக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை போடுதான். ஒரு வாரம் நிறுத்தச் சொல்லட்டுமா?

தியேட்டர் நர்ஸ்:
அண்ணாச்சி, நீங்களா நிறுத்திராதீங்க. அந்த மாத்திரையோட முதுகுல குத்தினா உள்ள ரத்தம் கட்டி நரம்ப அமுக்கலாம். அதனால அஞ்சிலருந்து ஏழு நாள் முன்ன நிறுத்துறது உண்டு. ஆனா ஸ்டென்ட் புதுசா இருந்தா நிறுத்துனா அதுவே அடைச்சிக்கலாம். எப்ப வச்சது? இதய டாக்டரும் மயக்க டாக்டரும் பேசி முடிவு பண்ணணும். இதுக்காகவே சில பேருக்கு முழு மயக்கம் தேர்ந்தெடுக்கிறாங்க. தூக்கத்துல குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருமான்னும் அப்போ சொல்லிரணும்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:
வச்சு எட்டு மாசம்தான் ஆகுது. குறட்டையும் உண்டு. ஆபரேஷன் தேதியத் தள்ளி வைக்கலாமான்னு நாளைக்குப் போய்க் கேக்கேன்.

தென்காசி வியாபாரி:
நான் இப்பவும் முழு மயக்கம்தான் நல்லதுன்னு சொல்லுவேன். ஆனா குறட்டை விஷயம் எனக்குத் தெரியாது, நானும் விடுவேன். என்ட்ட யாரும் கேக்கல.