சிசேரியன் தழும்பில் ஒட்டிய நஞ்சுக்கொடி: எந்த வாரத்தில் மதுரைக்குப் போய்த் தங்குவது?

என் தங்கச்சிக்கு இப்போ 30 வாரம். ஊர் திண்டுக்கல் பக்கம். முதல் ரெண்டும் சிசேரியன். 20 வார ஸ்கேன்லயே நஞ்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை மூடியிருக்குன்னாங்க. மேலே ஏறிடும்னு காத்திருந்தோம், ஏறல. 28 வாரத்துல எடுத்த டாப்ளர்ல, பழைய தழும்புக்குள்ள நஞ்சு ஊடுருவின மாதிரி இருக்கு, பிளசென்டா அக்ரீட்டா சந்தேகம்னு எழுதியிருக்காங்க. எம்.ஆர்.ஐ.யும் அதையேதான் சொல்லுது. இதுவரை வலியில்ல, சொட்டு ரத்தம் படல. அதனாலயே வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

டாக்டர் சொன்னது: 34லிருந்து 36 வாரத்துக்குள்ள, வலி வர்றதுக்கு முன்னாடியே ஆபரேஷன். நஞ்சை இழுத்துப் பிரிச்சா ரத்தம் நிக்காதாம். அதனால குழந்தையை எடுத்ததும் நஞ்சைத் தொடாம கருப்பையோட சேர்த்தே எடுத்துடுவாங்களாம். பக்கத்துலயே சிறுநீர்ப்பை டாக்டர், ரத்த வங்கி, ஐ.சி.யூ. எல்லாம் தயாரா இருக்கணும். இங்க அந்த வசதி இல்ல, மதுரைக்குப் போகச் சொல்லிட்டாங்க. ரத்தம் பி நெகட்டிவ். கொடுக்க மூணு பேரைப் பேசி வச்சிருக்கோம்.

வீட்டிலிருந்து மதுரை ஒன்றரை மணி நேரம். இதே நிலையில, ரத்தப்போக்கு இல்லாம இருந்தவங்க எத்தனையாவது வாரத்துல ஆஸ்பத்திரி பக்கமா போய்த் தங்கினீங்க?